பட்டியல் காலியான நாளில் என்ன பேசுவது?

பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் பாடநூல் கேட்டு எழுதினால், கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை மென்பொருளால் எழுத்தாக மாற்றிய பிறகு, தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த வேண்டும். துணைக்காலையும் ரகரத்தையும் மென்பொருள் எளிதில் குழப்பிக்கொள்ளும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். திரைவாசிப்பானும் கூசாமல் ‘கரலம்’ என்றே வாசிக்கும். பக்கத்துக்குப் பத்து இடத்தில் இப்படி வந்தால் பாடம் எப்படி மனதில் நிற்கும்?

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றித்தர இடம் கொடுக்கிறது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ஆள்தான் போதவில்லை, அதனால்தான் கோரிக்கைகள் மாதக்கணக்கில் தேங்குகின்றன.

அப்படித் தேங்கிய பட்டியல் ஒருநாள் முடிந்தால், குழுவை நடத்துபவர் என்ன பேசலாம்? ‘உங்கள் சேவை மகத்தானது’ என்பது எந்த மேடைக்கும் பொருந்தும் என்பதால் இந்த மேடைக்கு அது போதாது. நான் எதிர்பார்க்கும் பேச்சு இது:

“எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்குப் பட்டியல்ல ஒரு கோரிக்கைகூட பாக்கி இல்ல. ஆனா எல்லாத்தையும் நாம செஞ்சு முடிச்சோம்னு சொல்ல மாட்டேன். சில புத்தகம் ஏற்கெனவே சுகம்ய புஸ்தகாலயாவுல இருந்துச்சு. அதத் தேடிக் கண்டுபிடிச்சு, நம்ம வேலையக் குறைச்சவங்களுக்கு முதல் நன்றி. சிலருக்குப் புத்தகம் போறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிருச்சு. அவங்களுக்கு ஃபோன் போட்டு, ‘தாமதமாயிருச்சு, இன்னும் வேணுமா தம்பி?’ன்னு கேட்டவங்களும் இங்க இருக்காங்க. அது லேசான வேலை இல்ல. பொருளாதாரப் புத்தகத்துல இருந்த அட்டவணையெல்லாம் கட்டம் கட்டமா திரும்பத் தட்டினவங்க, வரைபடத்துல என்ன இருக்குன்னு வார்த்தையில எழுதினவங்க, பாதியில விட்டுப் போனாலும் எந்தப் பக்கம் வரைக்கும் முடிச்சோம்னு குறிச்சு வெச்சுட்டுப் போனவங்க, உங்க எல்லாருக்கும் மனசார நன்றி. அடுத்த வாரம் வரைக்கும் யாருக்கும் புதுசா வேலை கிடையாது. போய் ஓய்வெடுங்க.”

இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பேச்சு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பரீட்சை முடிந்துபோன அந்தக் கோரிக்கைகள். அவற்றையும் ‘முடிந்தவை’ கணக்கில் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை அழகாகத் தெரியும். ஆனால் அடுத்த முறை எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்பது யாருக்கும் புரியாமல் போகும். வந்த வரிசையில் எடுப்பதைவிடத் தேர்வுத் தேதி வரிசையில் எடுப்பது நல்லது என்பதை இந்தத் தாமதங்கள்தான் சொல்லித்தரும். அதனால் அவற்றை நன்றியுரையிலேயே வெளிப்படையாகச் சொல்வது தன்னார்வலர்களுக்குச் செய்யும் மரியாதை.

முடிந்த நூல்களின் பட்டியலைத் திரையில் காட்டுவதானால் வாய்விட்டு வாசித்தும் காட்ட வேண்டும். திருத்திய நூலைத் திரைவாசிப்பானில் கேட்டுச் சரிபார்க்கப் பார்வையற்றவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இல்லை. அந்த வேலையைச் செய்தவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள்.