பெட் ஸ்பேஸ்: முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

திருத்தணியிலிருந்து எஸ் பாஸில் சிங்கப்பூர் கிளம்பும் ஒருவருக்கு, விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் அறை விளம்பரம் வந்துவிடுகிறது. 'பெட் ஸ்பேஸ், ஏசி, பியூபி கேப், லைட் குக்கிங், நோ விசிட்டர்ஸ்.' வாடகை கட்டுப்படியாகிறதே என்று முன்பணம் அனுப்பத் தோன்றும். கையைக் கடிப்பது வாடகைக்குப் பின்னால் இருக்கும் சொற்கள்தான்.

மின்சாரம், தண்ணீர், கேஸ் சேர்ந்த பில்லைத்தான் அங்கே பேச்சுவழக்கில் பியூபி என்கிறார்கள். 'கேப்' என்றால் அந்தத் தொகை வரை வாடகையில் அடக்கம், மீறினால் கூடுதல். உச்சவரம்பு முழு வீட்டுக்கா, அறைக்கா, ஆளுக்கா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 200 வெள்ளி கேப். பில் 310 வெள்ளி. மீறிய 110 வெள்ளியை ஐவரும் பிரித்தால் ஆளுக்கு 22. வீட்டுக்காரர் குடும்பத்தைக் கணக்கில் சேர்க்காமல் வாடகைக்காரர் இருவர் தலையில் மட்டும் போட்டால் ஆளுக்கு 55! 'அறைக்கு இவ்வளவு' என்றால் இன்னும் சிக்கல். வீட்டுக்குப் பொதுவாக ஒரே மீட்டர்தான். அறைக்குத் தனி மீட்டர் வைக்காதவரை யார் எவ்வளவு செலவழித்தார் என்று தெரியாது. ஏசி எத்தனை மணிக்குப் போடலாம், மாத பில்லைக் காட்டுவார்களா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

லைட் குக்கிங் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் ரைஸ் குக்கருக்கும் முட்டைக்கும் அனுமதி. இன்னொன்றில் சாம்பார் தாளிக்கலாம், மீன் வறுக்கக் கூடாது. ஆடிக்கிருத்திகைக்கு விரதம் இருப்பவர், சைவத்துக்குத் தனிப் பாத்திரம் வைக்கலாமா, ஃபிரிட்ஜில் தனித் தட்டு உண்டா என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருபவருக்குச் சமையல் நேரம் ஒன்பதோடு முடிந்தால், சாப்பாட்டுச் செலவு தினமும் கடைக்குத்தான்.

விருந்தாளி விஷயத்தில், பகலில் நண்பர் வந்து போகலாமா, ஊரிலிருந்து வரும் தம்பி ஓரிரவு தங்கலாமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். 'நோ விசிட்டர்ஸ்' என்பதற்கு, இரவில் தங்கக் கூடாது என்று மட்டுமே சிலர் அர்த்தம் கொள்கிறார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் சட்டமும் உண்டு. படுக்கையறையை மட்டுமே வாடகைக்கு விடலாம். ஆகவே கூடத்தில் கட்டில், பலகைத் தடுப்பு என்று படத்தில் தெரிந்தால் விலகிவிடுவது நல்லது. குறைந்தபட்சக் காலம் 6 மாதம். நான்கறை, அதைவிடப் பெரிய வீட்டில் 6 பேர் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 ஆனது. அங்கே குடியிருக்கும் உரிமையாளர் குடும்பமும் அதில் அடக்கம். கழகத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். 'பெயர் வேண்டாம், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்' என்று வீட்டுக்காரர் சொன்னால், பிடிபடும் நாளில் மூட்டையைக் கட்ட வேண்டியவர் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர்தான்.