எதிர்ப்பொருள் மரபணு எப்படி உருவாகிறது?

நம் உடலில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான். கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களோ (ஆன்டிபாடி) கோடிக்கணக்கான விதம். கணக்கு இடிக்கிறதே?

1976இல் சுசுமு தொனேகாவா இதற்கு விடை காட்டினார். எதிர்ப்பொருளுக்கான முழு மரபணுவோடு நாம் பிறப்பதில்லை, துண்டுகளோடுதான் பிறக்கிறோம். எதிர்ப்பொருள் தரும் பி செல் (ஒருவகை வெள்ளையணு) ஒவ்வொன்றும் எலும்பு மஜ்ஜையில் வளரும்போது தன் மரபணுவைத் தானே கோத்துக்கொள்கிறது.

எப்படிக் கோக்கிறது? எதிர்ப்பொருளில் கனமான சங்கிலி, லேசான சங்கிலி என இரண்டு வகை உண்டு. முதலில் கனமானது. இதற்கு வி துண்டுகள் ஏறக்குறைய 40, டி துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. ராக் என்ற நொதி (வேதிவினையை நடத்தும் புரதம்) டிஎன்ஏவை வெட்ட, ஒரு டி ஒரு ஜேயோடு சேர்கிறது. பிறகு ஒரு வி வந்து அதோடு ஒட்டுகிறது. இடையில் இருந்தவை நிரந்தரமாகக் கழிகின்றன. இதிலேயே 5,520 சேர்க்கைகள். லேசான சங்கிலியின் சுமார் 320 சேர்க்கைகளோடு பெருக்கினால் ஏறத்தாழ 17.7 லட்சம்.

கோடி எங்கிருந்து வந்தது? ஒட்டும் இடத்திலிருந்துதான். வெட்டிய முனைகளில் சில டிஎன்ஏ எழுத்துகள் உதிர்கின்றன, வேறொரு நொதி புதிய எழுத்துகளை மனம்போனபடி சேர்க்கிறது. கிருமியைப் பற்றும் பகுதியின் நடுவில் அமைவது இந்த ஒட்டுதான். அதனால் ஓரிரு எழுத்து மாறினாலும் பிடி மாறிவிடும்.

ஒட்டு தவறினால்? மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், மூன்றில் இரண்டு ஒட்டுகள் பொருளற்றுப் போகும். அப்போது செல் தாய், தந்தை தந்த இரு பிரதிகளில் மற்றதை முயலும். அதுவும் தவறினால் செல் இறந்துவிடும். கனமான சங்கிலி தேறிய பிறகே லேசான சங்கிலியின் வேலை தொடங்கும்.

இதெல்லாம் எனக்கெதற்கு என்கிறீர்களா? ராக் நொதி அறவே இயங்காமல் பிறக்கும் குழந்தைக்கு பி செல்லும் இராது, அதே நொதியை நம்பும் டி செல்லும் (இன்னொரு வகை வெள்ளையணு) இராது. அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதம் ஓரளவு காக்கும், அதனால் பிறந்தவுடன் பார்த்தால் குறை தெரியாது. பிறகு ஆறாத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், நிமோனியா என்று தொடரும்.

இந்தியாவில் பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருப்பது பலம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. மற்றக் குழந்தைகளுக்குப் பொதுவாக அது பாதுகாப்பானது. இக்குழந்தையின் உடலிலோ அது பரவிவிடலாம். உங்கள் குடும்பத்தில் கைக்குழந்தை யாராவது தொற்றால் இறந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதித்த பின் ஊசி போடுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

அந்தப் பரிசோதனையும் வெட்டிக் கழித்த துண்டுகளை வைத்தே நடக்கிறது. டி செல்லில் கழிந்த துண்டுகள் வளையமாகச் சுருண்டு செல்லுக்குள் தங்கும். குதிகாலில் எடுத்த சொட்டு ரத்தத்தில் அந்த வளையங்களை எண்ணுவார்கள். மிகக் குறைவாக இருந்தால் அடுத்தகட்டச் சோதனைகள் நடக்கும். குறை உறுதியானால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. முதல் சில மாதங்களில், தொற்று பிடிக்குமுன் செய்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.