வாட்டர்மார்க்கை அழித்துவிட்டுப் படத்தைப் பயன்படுத்தலாமா?

பாரிட் புந்தாரில் ஒரு துணிக்கடை, தீபாவளி பேனருக்குக் குத்துவிளக்குப் படம் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர்ஸ்டாக் தளத்தில் நல்ல படம் கிடைக்கிறது. ஆனால், குறுக்கே வாட்டர்மார்க். 'அதை அழிச்சிட்டா போதுமே' என்று தோன்றலாம்.

அது சரியல்ல. நீங்கள் பார்ப்பது விற்பனைக்கு முன் காட்டும் மாதிரி மட்டுமே. படம் யாருடையது என்பதைச் சொல்வதும் அந்த வாட்டர்மார்க்தான். அனுமதியின்றிப் படத்தைப் பயன்படுத்துவது ஒரு மீறல். உரிமைத் தகவலை மின்னணு முறையில் நீக்குவதை மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. போதாததற்கு, மாதிரிப் படம் சிறியது. பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும்.

அப்போ என்ன செய்யலாம்? பேனருக்கு வழக்கமான உரிமம் வாங்கினாலே போதும். அதே படத்தை டி-சட்டையில் அச்சிட்டு விற்பதென்றால், விரிவான உரிமம் வேண்டும். 'Editorial Use Only' என்றிருந்தால் பணம் கட்டினாலும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது.

செலவு வேண்டாமா? விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். 'CC0' படத்துக்கு நிபந்தனை இல்லை. 'CC BY' என்றால், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் பேனரின் ஓரத்தில் குறிப்பிட வேண்டும். வேறு தளங்களில் கிடைக்கும் படத்தின் உரிமத்தில் 'NC' என்ற எழுத்துகள் இருந்தால் கடை விளம்பரத்துக்கு ஆகாது.

பேனரை அச்சகத்தில் கொடுத்துச் செய்கிறீர்களா? படத்தின் உரிம ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.