நட்சத்திரம் போடும் முன் தேதிகளைப் பாருங்கள்

அப்வொர்க் தளத்தில் ஒரு வேலை முடிந்ததும், கொடுத்தவரும் செய்தவரும் ஒருவரையொருவர் மதிப்பிட 14 நாள் அவகாசம் உண்டு. இருவரும் எழுதும்வரை, அல்லது அவகாசம் தீரும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தரம், தகவல் தொடர்பு, நேரம் தவறாமை என ஒவ்வொன்றுக்கும் தனியாக நட்சத்திரம் தர வேண்டும்.

அநியாயம் நுழைவது இங்கேதான்.

ஒரு கடைக்கு லோகோ வரையும் வேலை என்று வைத்துக்கொள்வோம். 10 நாள் கெடு, 2 திருத்தம் என்பது ஒப்பந்தம். கைக்கு வந்ததோ 14-ஆம் நாள். கோபத்தில் எல்லாவற்றுக்கும் 2 நட்சத்திரம் போடத் தோன்றும். பழைய செய்திகளின் தேதிகளைப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் வரைவுக்குப் பதில் சொல்லக் கடைக்காரர் 2 நாள் கூடுதலாக எடுத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாவது திருத்தத்தைக் கேட்டதில் இன்னொரு நாள் போயிற்று. வடிவமைப்பாளரின் தாமதம் ஒரே நாள்; ஆனால் அதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே நேரத்திலும் தகவல் தொடர்பிலும் ஒவ்வொரு நட்சத்திரம் குறைக்கலாம். தரத்தில் கைவைக்கக் காரணமே இல்லை. கருத்துப் பகுதியில், “லோகோ நன்றாக வந்தது. கூடுதல் திருத்தமும் செய்து தந்தார். ஒருநாள் தாமதத்தை முன்பே சொல்லியிருக்கலாம்” என்று எழுதினால் போதும். “பொறுப்பில்லாதவர்” என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து வேலை கொடுக்க வருபவரும் அதைப் படிப்பார்.