சொன்னதும் சொல்லவந்ததும்

ஒருவர் அரை மணி நேரம் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுத்தால், பேசியவருக்கே அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கும். நேரில் கேட்டபோது தெளிவாகத்தான் இருந்தது. குரல் ஏறி இறங்கியதும், கை அசைந்ததும், கேட்டவர் தலையாட்டியதும் பாதி அர்த்தத்தைச் சுமந்திருந்தன. தாளில் இறங்கும்போது அவையெல்லாம் உதிர்ந்து, தடுமாற்றம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் பத்திரிகையில் வரும் எந்தப் பேட்டியும் சொன்னது சொன்னபடியே அச்சாவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து கழித்துச் சுருக்குகிறார்.

கழிப்பது சுலபம். அதில் பேசியவரின் நிலைப்பாடும் சேர்ந்து கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். ஓர் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையைப் பற்றி ஒரு மளிகைக் கடைக்காரரிடம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரும் பேச்சும் கற்பனை. ஆனால் ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கியவர்களுக்கு இந்த நடை நன்றாகப் பழகியிருக்கும்.

“தடைங்க... அது வந்து... நல்லதுதான். நல்லதுதான், நான் வேணாங்கல. எங்க கடையில பாத்தீங்கன்னா, முந்தியெல்லாம் ஒரு நாளைக்கு... இப்ப, என்ன சொல்ல வந்தேன்... ஆங், தடை. வாய்க்கால் முழுக்க பைதாங்க கெடந்துச்சு. மழை வந்தா தண்ணி தெருவுல ஏறும். எங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்காரு, அங்கயும் அப்படித்தான். ஆனா பாருங்க, ஃபைன் போடுறது யாருக்கு? எங்களுக்குத்தானே? பெரிய கம்பெனிக்காரன் பாக்கெட்டுல அடைச்சு விக்கிறான், அவனை எவன் கேக்குறான்? நான் வந்து, தடையை எடுக்கணும்னு... எடுக்கணும்னு சொல்ல வரல. துணிப்பை ஒண்ணு அஞ்சு ரூபா ஆறு ரூபா ஆகுது. நூறு கிராம் கடலைப்பருப்பு வாங்குறவருக்கு அதைக் கொடுத்தா கட்டுபடியாகுமா? அதிகாரிங்க மாசாமாசம் செக்கிங் வர்றாங்களாம், எங்க தெருவுக்கு இன்னும் வரல. ஃபைன் யாருக்கு, எங்களுக்குத்தான். பை செய்யிற எடத்துல நிறுத்துங்க, இங்க தானா நிக்கும். சில சமயம் தடை இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு தோணும். ஆனா எடுக்கக் கூடாது. அதான் என் அபிப்பிராயம்னு வச்சுக்குங்களேன்.”

அவசரமாகப் படிப்பவர் இதை இரண்டு விதமாகத் தவறாகச் சுருக்கலாம். ஃபைன், கட்டுபடி, பெரிய கம்பெனி என்ற சொற்களில் கண் நின்றால் ‘வியாபாரி தடையை எதிர்க்கிறார்’ என்று எழுதுவார். தொடக்கமும் முடிவும் மனதில் நின்றால் ‘வியாபாரி தடையை வரவேற்கிறார்’ என்று எழுதுவார். முதலாவது பொய். இரண்டாவது பொய் இல்லை, ஆனால் அவர் இவ்வளவு நேரம் பேசியதன் பாரம் அதில் இல்லை. ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டு, ‘எதற்கு ஒப்புகிறார், எதற்கு ஒப்பவில்லை, என்ன வேண்டும் என்கிறார்’ என்று ஒரு வரி குறித்துக்கொள்வது நல்லது. இவர் தடைக்கு ஒப்புகிறார், அபராதம் விழும் இடத்துக்கு ஒப்பவில்லை, தயாரிப்பிலேயே நிறுத்த வேண்டும் என்கிறார். இந்த வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கழிக்கத் தொடங்க வேண்டும்.

முதலில் போகக்கூடியவை வாய்க்குப் பழகிய நிரப்புச் சொற்கள்: ‘அது வந்து’, ‘பாத்தீங்கன்னா’, ‘ஆங்’, ‘என்ன சொல்ல வந்தேன்’. இவை பயனற்றவை அல்ல. ஆங்கிலப் பேச்சில் வரும் ‘அ’, ‘ம்’ ஒலிகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற உளவியலாளர்கள் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘பேச்சு இன்னும் முடியவில்லை, சற்றுப் பொறுங்கள்’ என்று கேட்பவருக்குத் தெரிவிக்கும் குறிப்புகளாகவே பேசுபவர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். எதிரில் இருப்பவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும், வாசகருக்கு வேண்டாம். அதனால் தயங்காமல் நீக்கலாம்.

அடுத்து, தொடங்கிப் பாதியில் விட்ட வாக்கியங்கள். இங்கே இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரே வகையல்ல. ‘முந்தியெல்லாம் ஒரு நாளைக்கு’ என்று ஆரம்பித்தவர் எதுவும் சொல்லாமலே விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு இத்தனை பை செலவாகும் என்று சொல்ல வந்திருக்கலாம். ஆனால் அதை அவருக்காக நாம் முடித்துவைக்கக் கூடாது. சொல்லாததைச் சுருக்க முடியாது. மற்றொன்று, ‘தடையை எடுக்கணும்னு... எடுக்கணும்னு சொல்ல வரல’ என்பது. திக்கிச் சொன்ன இரண்டில் ஒன்றை நீக்கும்போது வெட்டு ஒரு சொல் தள்ளி விழுந்தால், ‘தடையை எடுக்கணும்’ என்று அவர் சொன்னதாக ஆகிவிடும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. ஆகவே அறுந்த வாக்கியத்தைத் தொடும்போதெல்லாம் அதன் வால் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டே வெட்ட வேண்டும். பேசியவர் தன்னையே திருத்திக்கொண்டால், திருத்தியதுதான் அவருடைய சொல்.

திரும்பச் சொன்னவற்றிலும் இதே கவனம் தேவை. ‘நல்லதுதான்’ ஒரே மூச்சில் இரண்டு முறை வருகிறது, ஒன்று போதும். ‘ஃபைன் யாருக்கு, எங்களுக்குத்தான்’ என்பதும் இரண்டு முறை வருகிறது. ஆனால் நடுவில் துணிப்பை விலையும் அதிகாரிகள் சோதனையும் வந்து போயின. வேறெங்கோ போன பேச்சு தானாக அதே இடத்துக்குத் திரும்பினால், மனம் அங்கேதான் தங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு முறை எழுதத் தேவையில்லை. ஆனால் சுருக்கத்தில் அந்தக் குறைக்கு முன்னிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எடையில் வரிசைப்படுத்திவிட்டால், ஒரு தகவலும் விடுபடாமலேயே அவருடைய நிலைப்பாடு மங்கிவிடும்.

நிரப்புச் சொல் போலவே தெரிந்தாலும் அப்படி அல்லாத சிறு சொற்களும் இருக்கின்றன. ‘வர்றாங்களாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ போய்விட்டால், காதில் விழுந்த செய்தி கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும். ‘சில சமயம் தோணும்’ என்பதை நீக்கினால் ஒரு நேரத்துச் சலிப்பு நிரந்தரக் கருத்தாகிவிடும். ஒரு சொல்லை எடுக்கலாமா என்று சந்தேகம் வந்தால், எடுத்த பிறகு வாக்கியத்தைப் படித்து, ‘இதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியுமா’ என்று கேட்டுப் பார்க்கலாம். பொறுப்பு கூடினாலோ குறைந்தாலோ அந்தச் சொல் இருக்கத்தான் வேண்டும். கடைசியில் வரும் ‘வச்சுக்குங்களேன்’ மட்டும் தாளைப் பார்த்துத் தீர்க்க முடியாத சிக்கல். அது வெறும் பேச்சுப் பழக்கமாக இருக்கலாம், அரைமனதோடு சொன்னதாகவும் இருக்கலாம். அந்த இடத்தை ஒலிப்பதிவில் மறுபடி கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சுருக்கம் இப்படி அமையலாம்:

‘பிளாஸ்டிக் தடை நல்லது, அதை நீக்கக் கூடாது என்கிறார் இந்த மளிகைக் கடைக்காரர். பைகள் வாய்க்காலை அடைத்து மழைநீர் தெருவில் ஏறியதைக் காரணமாகச் சொல்கிறார். ஆனால் அபராதம் தன்னைப் போன்ற கடைக்காரர்களுக்குத்தான், பாக்கெட்டில் அடைத்து விற்கும் பெரிய நிறுவனங்களை யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய முக்கியமான குறை. நூறு கிராம் பருப்பு வாங்குபவருக்கு ஐந்தாறு ரூபாய் துணிப்பை கொடுத்தால் கட்டுபடியாகாது; பை தயாராகும் இடத்திலேயே நிறுத்தினால் கடைகளில் தானாக நிற்கும் என்கிறார். அதிகாரிகள் மாதந்தோறும் சோதனைக்கு வருவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார், அவர் தெருவுக்கு இன்னும் வரவில்லை. தடை இருந்தும் பயனில்லை என்று சில சமயம் தோன்றுவதையும் மறைக்கவில்லை.’

அண்ணன் கடை போய்விட்டது. அது இல்லாமலும் வாதம் நிற்கிறது. சோதனை பற்றிய வரி மட்டும் இருக்கிறது, காரணத்தோடுதான். அபராதம் எங்களுக்குத்தான் என்று இரண்டு முறை சொன்னவரின் தெருவுக்கு அதிகாரிகள் வரவே இல்லை. அப்படியானால் இவர் அபராதம் கட்டியிருக்கிறாரா, மற்றவர்களுக்காகப் பேசுகிறாரா? பேச்சில் விடை இல்லை. சுருக்கம் அழகாக வர வேண்டும் என்று அந்த வரியை எடுத்துவிட்டால், வாசகருக்கு வர வேண்டிய சந்தேகத்தை நாமே அடைத்துவிடுகிறோம். ‘எனக்கு அபராதம் போட்டார்கள்’ என்று எழுதிவிட்டால் அது இன்னும் மோசம். அவரிடமே கேட்டுத் தெளிந்தால் நல்லது. கேட்க வழியில்லை என்றால் இரண்டையும் அருகருகே வைத்துவிட வேண்டும்.

மேலே உள்ள சுருக்கத்தில் மேற்கோள் குறிக்குள் அவர் வாய்மொழி எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். சுருக்கம் எழுதுபவரின் மொழி. அந்தக் குறிக்குள் வருவது பேசியவரின் மொழி. இந்த எல்லை நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜேனட் மால்கம் 1983-இல் ‘நியூயார்க்கர்’ இதழில் உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மாசனைப் பற்றி எழுதினார். மேற்கோள் குறிக்குள் இருந்த பல வாக்கியங்களைத் தான் சொல்லவே இல்லை, அவை தன்னை இழிவுபடுத்துகின்றன என்று மாசன் வழக்குத் தொடுத்தார். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைச் சொன்னது. பேச்சில் சொல் மாறியதாலேயே மேற்கோள் பொய்யாகிவிடாது. அந்த மாற்றம் சொன்னதன் பொருளைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றினால்தான் அதைத் தெரிந்தே சொன்ன பொய்யாகக் கொள்ள இடமுண்டு என்றது. சொன்னதற்கு ஏதோ ஒரு நியாயமான விளக்கமாக இருந்தாலே மேற்கோள் குறிக்குள் எதையும் போடலாம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. விசாரணையில் 1994-இல் ஜூரி மால்கம் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த அளவுகோல் பேட்டியைச் சீர்செய்பவர்களுக்கு இன்றும் பயன்படுகிறது: தடுமாற்றத்தைத் திருத்தலாம், பொருளைத் திருத்தக் கூடாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அது பதிவின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாத வாக்கியம் எழுதியவருடையது, அதை எடுத்துவிட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கமிருந்து பார்க்கலாம். பதிவில் ‘ஆனா’ வருகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் சுருக்கத்தில் தன் இடத்தைப் பெற்றிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நிலைப்பாடு தொலைவது பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவு செய்தும் சில பேச்சுகளில் நிலைப்பாடு கிடைக்காது. ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, எங்கும் நிற்காமலே பேசி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகம் பேசிய பக்கத்தை அவர் கருத்தாக எழுதிவிடத் தோன்றும். அப்போது ‘இந்த விஷயத்தில் அவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை; இன்னின்ன காரணங்கள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன’ என்று எழுதுவதே சரியான சுருக்கம். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒருவரின் நிலைப்பாடுதான், அதை மாற்றி எழுத நமக்கு உரிமை இல்லை.