தேடுகிறவர் வாய்ச்சொல் – 7: ஈசியா, வில்லங்கமா?

வளவனூரில் விழுப்புரம்–புதுச்சேரி சாலையோரம் உள்ள ஒரு கணினி மையத்தில் போன மாதம் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். நிலம் வாங்கப்போகும் இளைஞர் ஒருவர், "அண்ணா, இந்த சர்வே நம்பருக்கு ஒரு ஈசி போட்டுக் குடுங்க" என்றார். சற்று நேரத்தில் வந்த பெரியவர், "தம்பி, என் மனைக்கு வில்லங்கம் பாக்கணும்பா" என்றார். இருவருக்கும் வேண்டியது ஒரே காகிதம்தான். பதிவுத்துறை அதை வில்லங்கச் சான்று என்கிறது. ஒரு சொத்தின் மேல் நாம் கேட்ட காலத்துக்குள் பதிவான கிரயம், அடமானம், தானம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

இந்தச் சான்றை எடுக்கும் வழியை எழுதுகிறவர், தலைப்பில் எந்தப் பெயரை வைப்பது? பலரும் தரும் பதில், "எதை அதிகம் பேர் தேடுகிறார்களோ அதை வை" என்பது. கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் `EC` வெகு உயரத்தில் நிற்கும், வில்லங்கச் சான்று தரையோடு கிடக்கும். அதை நம்பித் தலைப்பு வைத்தால் ஏமாறுவோம். அங்கே காட்டுவது தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல, உச்சத்தை நூறாக வைத்துக் காட்டும் ஒப்பீடு மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல், `EC` என்று தட்டியவர்கள் எல்லாரும் சொத்து பார்க்க வந்தவர்கள் அல்லர். தேர்தல் ஆணையத்துக்கும் அதே இரண்டெழுத்து, தொழிற்சாலைகள் வாங்கும் சுற்றுச்சூழல் அனுமதிக்கும் அதே இரண்டெழுத்து. தமிழில் 'ஈசி' என்று எழுதினாலோ ஈசி சேரும் ஈசி சமையலும் கூடவே வந்து நிற்கும். தேர்தல் நேரத்தில் டிரெண்ட்ஸில் `EC` கோடு ஏறுவதற்கும் வளவனூர் மனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் சுருக்கப் பெயரைத் தனியாக எடை போடக் கூடாது. அதோடு சேர்த்துத் தட்டப்படும் சொல்லையும் பார்க்க வேண்டும். `EC online` என்றும் 'ஈசி போடுவது எப்படி' என்றும் தேடுகிறவர் நம் ஆள். இதற்குத் தேடல் பெட்டியில் பாதி தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகளே நல்ல வழிகாட்டி. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வரும்.

என் முடிவு இது: ஒரே பொருள் உள்ள சுருக்கத்தை விரிக்க வேண்டியதில்லை. நீட் தேர்வை 'தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு' என்று தேடுகிற மாணவரை நான் பார்த்ததில்லை. டிஎன்பிஎஸ்சியும் அப்படித்தான். 'தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்' என்று முழுதாக எழுதினால், எந்தத் தேர்வு, என்ன அறிவிப்பு என்று சொல்லும் முன்பே தலைப்பின் இடம் தீர்ந்துபோகும். தேடல் முடிவில் நீண்ட தலைப்பின் வால் வெட்டப்பட்டு மூன்று புள்ளிகள்தான் மிஞ்சும். பல பொருள் உள்ள ஈசி போன்ற சுருக்கத்துக்கு முழுப்பெயரை முன்னே வைத்து, சுருக்கத்தை ஒட்டி வைக்க வேண்டும்:

```
<title>வில்லங்கச் சான்று: EC ஆன்லைனில் பார்ப்பது எப்படி?</title>
```

பெரியவரின் சொல்லும் இளைஞரின் சொல்லும் இதில் இருக்கின்றன. முழுப்பெயர் முன்னே நிற்பதால், தேர்தல் செய்தி தேடி வந்தவர் படித்ததுமே விலகிப் போய்விடுவார். இ.சி., இசி, ஈசி, வில்லங்கச் சான்றிதழ் என்ற மற்ற வடிவங்களைத் தலைப்பில் திணிக்காதீர்கள். ஒரே பொருளுக்கு நாலு பெயரை அடுக்கினால் தலைப்பு படிக்கச் சகிக்காது, கூகுளும் தன் விருப்பத்துக்கு அதை மாற்றிக் காட்டலாம். முதல் பத்தியில் இயல்பாக ஒரு வாக்கியம் போதும்: "ஊரில் ஈசி என்றும், வில்லங்கம் பார்ப்பது என்றும் சொல்லப்படும் சான்று இது."

மாற்றியது பலித்ததா என்று சர்ச் கன்சோலில் தெரியும். மாற்றத்துக்கு முந்தைய நான்கு வாரங்களையும் பிந்தைய நான்கு வாரங்களையும் எடுத்து, தேடுசொல் வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு சொல்லுக்கு உங்கள் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் யாரும் தொடவில்லை என்றால், வேறு பொருள் தேடியவர்கள் முன்னால் அது போய் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மிகச் சிலரே தட்டிய சொற்களை அந்தப் பட்டியல் காட்டாது. அதனால் பெரியவரின் 'வில்லங்கம் பாக்கணும்' அங்கே தென்படவில்லை என்பதற்காக அதைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தலைப்பில் சுருக்கப் பெயர் இருந்தால், இன்றைக்கே அதை மட்டும் தனியாகத் தட்டித் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருவதெல்லாம் வேறு விஷயமாக இருந்தால், முழுப்பெயரை முன்னால் சேர்த்துவிடுங்கள்.