பிள்ளைகளின் பங்கை அம்மாவின் கணக்கில் போடாதீர்கள்

கணவரை இழந்த ஒரு பெண், வங்கியில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று சொன்னதை நம்பி, ஆத்தூர் கோர்ட் வளாகத்தில் மஞ்சள் பையோடு நிற்கிறார். அவர் கேட்கும் பணத்துக்குக் கோர்ட்டே தேவையில்லை. அதே ஊரில் இன்னொரு குடும்பம், மைனர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து நிலத்தைக் கிரயம் செய்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறது. கோர்ட் அனுமதி கட்டாயம் வாங்கியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். தேவையில்லாத இடத்தில் அலைவதும் தேவையான இடத்தில் தாண்டிப் போவதும் இந்தப் பக்கத்தில் ஓயாமல் நடக்கிறது. இரண்டிலும் நஷ்டப்படுவது பிள்ளைகள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் லாரி ஓட்டியவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். வங்கியில் 8 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. அவர் சம்பாதித்து வாங்கிய ஒரு ஏக்கர் மரவள்ளிக் காடும் இருக்கிறது. மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், இறந்தவரின் தாயார் என்று வீட்டில் நான்கு பேர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த நால்வருமே முதல் வகுப்பு வாரிசுகள், நால்வருக்கும் சமபங்கு. டெபாசிட்டில் ஆளுக்கு 2 லட்சம். அப்பாயிக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதால்தான் பாதித் தகராறுகள் வருகின்றன.

முதல் காகிதம் வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். அது கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளபடியே இருக்கிறதா, வயது சரியா, அப்பாயியின் பெயர் விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். திருத்தம் வாங்க மறுபடி மூன்று மேசை ஏற வேண்டும்.

அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, நாமினி இல்லாத கணக்காக இருந்தாலும் 15 லட்சம் ரூபாய் வரை, வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால், கோர்ட்டின் சக்சஷன் சர்டிபிகேட்டைக் கேட்காமல் பணத்தைத் தர வேண்டும். கூட்டுறவு வங்கிகளில் இந்த வரம்பு 5 லட்சம். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், அடையாள ஆவணங்கள், வங்கி தரும் விண்ணப்பம், ஈட்டுறுதிப் பத்திரம் இவை போதும். நம் உதாரணக் குடும்பத்தின் 8 லட்சம் இந்த வரம்புக்குள் வருகிறது. அந்த அம்மா கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

"அப்பா இல்லாத பிள்ளைக்கு கோர்ட் நியமிச்ச கார்டியன் வேணும்" என்று கவுன்ட்டரில் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். இந்துக் குடும்பத்தில் தந்தைக்குப் பின் தாயே இயற்கைக் காப்பாளர். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல் வந்த தீர்ப்பு, தந்தை உயிரோடு இருக்கும்போதே கூடச் சில சூழ்நிலைகளில் தாய் காப்பாளராக இருக்க முடியும் என்றது. தந்தையே இல்லாத வீட்டில் இது கேள்வியே அல்ல. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கிளைக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே பிள்ளையின் சொத்துக்குத் தாய் தானாகவே காப்பாளர் ஆவதில்லை, கோர்ட் நியமனம் தேவைப்படும்.

பணம் வருகிற அன்றுதான் பெரிய தவறு நடக்கிறது. "என் கணக்கிலேயே கிடக்கட்டும்ங்க, புள்ளைங்களுக்குத்தானே செலவு பண்ணப்போறேன்" என்று முழுத்தொகையையும் அம்மா தன் கணக்கில் வாங்கிக்கொள்கிறார். அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் 4 லட்சம் எது, தன்னுடைய 2 லட்சம் எது என்று ஒரு வருடம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் சீட்டில் போகும், கொஞ்சம் உறவுக்காரருக்கு வட்டிக்குப் போகும். அம்மா வேறொருவருக்கு ஜாமீன் போட்டிருந்தால் கடன் கொடுத்தவர் அந்தக் கணக்கை முடக்கவும் பார்ப்பார்.

பணம் வரும் முன்பே இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். கணக்கின் தலைப்பில் பிள்ளையின் பெயர் முதலில், "மைனர், காப்பாளர் தாய்" என்று அடுத்தது வர வேண்டும். இருவருக்கும் வேறுவேறு டெபாசிட் ரசீது, 2 லட்சம், 2 லட்சம். வட்டி அந்தந்தப் பிள்ளையின் கணக்குக்கே போகட்டும், அதிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீதை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுங்கள். புதுப்பிக்காமல் விட்ட டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு மேல் கிடைக்காது. பத்து வருடம் யாரும் தொடாவிட்டால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் கேட்டு வாங்கலாம், udgam.rbi.org.in தளத்தில் தேடலாம். ஆனால் அம்மா எங்கே ரசீதை வைத்தார் என்று தெரியாத இருபது வயதுப் பையனுக்கு அது சுலபமான வேலை அல்ல.

நாமினியாகச் சித்தப்பாவின் பெயர் இருந்தால்? கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் தம்பியை நாமினியாகப் போட்டு, பிறகு மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும், அதோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. ஆனால் வங்கி டெபாசிட்டில் நாமினி சொந்தக்காரர் அல்ல, வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர். அவர் பிரித்துத் தர மாட்டார் என்று சந்தேகம் வந்தால் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கி பணத்தைக் கொடுக்கும் முன் கோர்ட்டில் தடையாணை வாங்க வேண்டும். கொடுத்த பிறகு அவர் மேல் வழக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் உறவினர்கள் ஒரு வெள்ளைத்தாளையோ முத்திரைத்தாளையோ நீட்டி, "பிள்ளைகள் சார்பாக விட்டுக்கொடுக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். போடாதீர்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். பிள்ளையின் பங்கைத் தானமாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது நிலம். இங்கேதான் கோர்ட் வேண்டும், இங்கேதான் யாரும் போவதில்லை. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவு, மைனரின் அசையாச் சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் தானம் செய்யவும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும், முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும் என்கிறது. செல்போன் டவருக்குப் பல வருட ஒப்பந்தம் போடுவதும் இதில் அடங்கும். முன்கூட்டியே என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்றுவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வது தவறு. "சப்-ரிஜிஸ்டிரார் பதிவு பண்ணிட்டாரே" என்பதும் பதில் அல்ல. பத்திரம் பதிவானது வேறு, அது பிள்ளையைக் கட்டுப்படுத்துவது வேறு. பூர்வீகக் கூட்டுச் சொத்துக்கு இந்த விதி இல்லை என்று ஒரு தீர்ப்பைக் காட்டுவார்கள். நம் உதாரணத்தில் நிலம் தந்தை சம்பாதித்தது, அந்தச் சலுகை இதற்குப் பொருந்தாது.

மனு சேலம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றம் என்பதே விதி. ஆத்தூர் சார்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தால் அங்கேயே தாக்கல் செய்யலாம், வக்கீலிடம் கேளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, வாங்குபவர் தரும் விலை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். எதற்காக விற்கிறோம் என்பதை உறுதிமொழியில் தெளிவாக எழுத வேண்டும். அவசியம் இருக்கிறது, அல்லது மைனருக்கு வெளிப்படையான நன்மை இருக்கிறது என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். காட்டை 40 லட்சத்துக்கு விற்க அனுமதி கிடைத்தால், பிள்ளைகளின் 20 லட்சத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர்கள் பெயரில் 18 வயது வரை டெபாசிட் போடும்படி உத்தரவு வரும். வட்டியை அம்மா வளர்ப்புச் செலவுக்கு எடுக்க மனுவிலேயே அனுமதி கேளுங்கள். கேட்காவிட்டால் தனியாக இன்னொரு மனு போட வேண்டியிருக்கும்.

அனுமதி இல்லாமல் விற்றால் என்ன ஆகும்? பிள்ளை மேஜரான மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதாவது 21 வயது வரை வாங்கியவர் தலைக்கு மேல் கத்தி தொங்கும். நிலம் வாங்குபவர்களும் இதைப் படியுங்கள். பத்திரத்தில் "தனக்காகவும் மைனர் மக்களுக்குக் கார்டியனாகவும்" என்று இருந்தால் கோர்ட் உத்தரவு நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாயும் இல்லாத பிள்ளைகள் என்றால் தாய்மாமனோ சித்தப்பாவோ பாசத்தின் பேரில் பணத்தைக் கையாள முடியாது. அவர்களுக்குக் கோர்ட் நியமனம் அவசியம். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி போடும் இந்த மனுவை வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைக் குடும்ப நீதிமன்றம் பார்க்கும், சொத்துக்குக் காப்பாளர் வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றம். நியமிக்கப்பட்டவரிடம் ஜாமீன் பத்திரம், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், பிறகு வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கோர்ட் கேட்கலாம். பல நேரம் கேட்பதில்லை, யாரும் நினைவூட்டுவதும் இல்லை. நீங்கள் அந்தப் பிள்ளையின் அத்தையாகவோ மாமாவாகவோ இருந்தால், கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லும்படி மனுப் போடுங்கள். பணத்தைத் தவறாகப் பயன்படுத்தும் காப்பாளரை நீக்கவும் கேட்கலாம்.

பிள்ளைக்கு 18 முடிந்த மாதமே வங்கிக்கு அழைத்துப் போங்கள். அதன் பிறகு தாயின் கையெழுத்துச் செல்லாது. பிள்ளையின் ஆதார், பான், புதிய மாதிரிக் கையெழுத்து வேண்டும். கோர்ட் உத்தரவால் போட்ட டெபாசிட் என்றால், மேஜராகிவிட்டார் என்று அறிவிக்கவும் பணத்தை விடுவிக்கவும் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆதாரம். கோர்ட் காப்பாளர் இருந்தால் 21 வயதுதான் என்பது பழைய கதை. 1999இல் சட்டம் மாறிவிட்டது, எல்லோருக்கும் 18தான்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆத்தூர் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். போகும்போது வாரிசு சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.